முப்பது வினாடிக்குள் இருக்கும் இரண்டு வினாடி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பகுதி ஸ்வீட் கடை அண்ணாச்சி ஒரு தாளோடு வந்தார். உள்ளூர் எஃப்.எம்.மில் முப்பது வினாடி விளம்பரம் போட இடம் வாங்கிவிட்டார். சொல்ல வேண்டியதையும் அவரே எழுதியிருந்தார்: நாற்பது வருடப் பாரம்பரியம், சுத்தமான நெய், எல்லா இனிப்புக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி, ஒரு கிலோ மைசூர்பாக்கு வாங்கினால் கால் கிலோ மிக்சர் முற்றிலும் இலவசம், கிஃப்ட் பாக்ஸ், வீட்டுக்கே டெலிவரி, இரண்டு செல்போன் எண்கள். வேகமாக வாசித்தால் முப்பது வினாடிக்குள் அடங்கியது. "ஒண்ணை மட்டும் வச்சுக்கலாம் அண்ணாச்சி" என்றேன். "இவ்வளவு காசு குடுத்து ஒண்ணை மட்டும் சொல்லவா தம்பி?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிறது.

அச்சில் வரும் விளம்பரத்தை மறுபடி பார்க்கலாம். ஒலி அப்படியில்லை, வந்த நொடியே போய்விடுகிறது. கேட்டதைப் பிடித்துவைக்க நாம் மனத்துக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்கிறோம். கடைக்குப் போகும் பிள்ளை "அரை லிட்டர் நல்லெண்ணெய், அரை லிட்டர் நல்லெண்ணெய்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடுமே, அதேதான். பெரியவர்கள் உதடசைக்காமல் அதைச் செய்கிறோம். பிரிட்டிஷ் உளவியலாளர் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டில், இப்படிச் சுற்றிவரும் ஒலிக்குத் தனியே ஓர் இடம் உண்டு.

அந்தச் சுற்று எவ்வளவு நீளம் என்பதுதான் விளம்பரம் எழுதுகிறவனுக்கு முக்கியம். பேட்லியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1975இல் அதை அளந்தார்கள். குட்டையான சொற்களின் பட்டியலை மனிதர்கள் நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். நீளமான சொற்கள் என்றால், எண்ணிக்கை அதேயாக இருந்தாலும் தடுமாறினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒருவர் ஏறத்தாழ இரண்டு வினாடியில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய அளவுதான் நினைவில் நின்றது. நீளம் மட்டுமே காரணமா, தேர்ந்தெடுத்த சொற்களும் காரணமா என்று ஆய்வாளர்கள் பிறகு நிறைய விவாதித்திருக்கிறார்கள். ஆனால் எழுதுகிறவனுக்கு இரண்டு வினாடி என்பது கைக்கு அடக்கமான ஓர் அளவுகோல்.

தமிழில் அந்த இரண்டு வினாடியை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வாக்கியத்தில் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ண வேண்டும். அதுதான் வாய் எத்தனை தடவை திறக்கிறது என்பதன் கணக்கு. ரேடியோவில் தெளிவாகப் பேசினால் வினாடிக்கு ஐந்துக்குச் சற்று மேல் வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது என் வழக்கம். சொற்களை எண்ணி எழுதினால் ஏமாந்துபோவோம். "ஞாயிற்றுக்கிழமைக்குள்" ஒரே சொல்தான், அதற்கே ஒரு வினாடிக்கு மேல் வேண்டும்.

இப்போது அண்ணாச்சியின் வரியை எண்ணுவோம். "ஒரு கிலோ மைசூர்பாக்கு வாங்கினால் கால் கிலோ மிக்சர் முற்றிலும் இலவசம்." இருபத்து மூன்று வருகிறது, அதாவது நான்கு வினாடிக்கு மேல். கேட்பவர் மனத்துக்குள் ஒரு சுற்று வருவதற்குள் முன்பாதி உதிர்ந்துவிடும். அதையே "கிலோவுக்குக் கால் கிலோ மிக்சர்" என்று சுருக்கினால் ஒன்பதுதான், இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும். சந்தையில் நாம் பேசும் கணக்கும் இப்படித்தானே இருக்கிறது? 'இலவசம்' என்ற சொல் போய்விட்டதே என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

செல்போன் எண்ணை எடுக்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். தமிழில் இலக்கங்களுக்கு வாய் குறைந்தது இரண்டு முறை திறக்கிறது, "ஒன்பது"க்கு மூன்று முறை. பத்து இலக்கத்துக்கு இருபதைத் தாண்டிவிடும். 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர் வேல்ஸ் நாட்டில் இரு மொழியும் பேசுகிறவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கிறது. அதே ஆட்கள் ஆங்கிலத்தில் நினைவில் வைத்த அளவுக்கு இலக்கங்களை வெல்ஷில் வைக்க முடியவில்லை. நம் ஊரில் வீட்டில் முழுக்கத் தமிழ் பேசுகிறவர்கூட போன் நம்பரை மட்டும் "நைன் எய்ட் ஃபோர்" என்றுதான் சொல்கிறார். அதற்கு இந்த நீளமும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே ரேடியோ கேட்பவரிடம் இரண்டு போன் எண்களைக் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

சரி, தள்ளுபடியை விட்டுவிட்டு மிக்சரை ஏன் வைத்தோம்? அன்று அவர் கடையில் மைசூர்பாக்கு கிலோ 800 ரூபாய், மிக்சர் கிலோ 320. பத்து சதவீதம் என்றால் 80 ரூபாய், கால் கிலோ மிக்சரும் விற்கிற விலைக்கு அதே 80 ரூபாய்தான். அண்ணாச்சிக்கு அடக்கவிலை அதைவிடக் குறைவு, ஆகவே தருவது அவருக்கும் லேசு. கேட்பவர் பக்கம் பார்த்தால், சதவீதத்தை மனத்தில் கணக்குப் போட வேண்டும். மிக்சர் என்றதும் பொட்டலமே கண்முன் வந்துவிடும். இப்படி உருவமாகத் தெரியும் சொற்கள் நினைவில் நன்றாகத் தங்குவதை ஆலன் பைவியோ என்ற கனடா உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

கடைசியில் பதிவுக்குப் போன வசனம் இது. முதல் இரண்டு வினாடி பேச்சே கிடையாது. கொதிக்கும் நெய்யைக் கடலைமாவில் ஊற்றும்போது பொங்கி எழுமே, அந்த ஓசை மட்டும்.

பெண்: "அக்கா, எங்கே இவ்வளவு காலையில? தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கே!"

அக்கா: "தேரடிக் கடைக்குத்தான். மைசூர்பாக்கு சொல்லி வைக்கப் போறேன். கிலோவுக்குக் கால் கிலோ மிக்சர் தர்றாங்க."

பெண்: "சும்மாவா?"

அக்கா: "சும்மாதான். கிலோவுக்குக் கால் கிலோ மிக்சர். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடணும்."

பெண்: "இருங்கக்கா, நானும் வர்றேன்."

அறிவிப்பாளர்: "தேரடி பஸ் ஸ்டாப் எதிரே, தேரடிக் கடை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மைசூர்பாக்குக்குச் சொல்லி வையுங்கள். கிலோவுக்குக் கால் கிலோ மிக்சர்."

மறுபடி நெய் பொங்கும் ஓசை, மூன்று வினாடி.

புள்ளியில்லா எழுத்துகள் மொத்தம் 128. இருபத்து நான்கு வினாடியில் அவசரப்படாமல் பேசலாம். மீதி நேரம் ஓசைக்கும், இருவர் பேசும்போது இயல்பாக விழும் இடைவெளிக்கும். சலுகை மூன்று முறை வருகிறது, மூன்று முறையும் எழுத்து மாறாமல் வருகிறது. இடையில் வேறு பேச்சு இருக்க வேண்டும். ஒரே மூச்சில் மூன்று தடவை சொன்னால் காது அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மறந்துபோகத் தொடங்கும் நேரத்தில் மறுபடி வந்தால்தான் நன்றாகப் பதியும். "சும்மாவா?" என்ற கேள்வி அண்ணாச்சியின் 'இலவச'த்துக்காக வைத்தது. வீட்டில் யாராக இருந்தாலும் கேட்கக்கூடிய கேள்வி அது.

ஞாயிற்றுக்கிழமை என்ற கெடுவுக்கு இரண்டு வேலை. ஒன்று அடுப்படிக்கு: ஆர்டர் முன்கூட்டியே வந்தால் கடைசி இரண்டு நாள் நெருக்கடி குறையும். இன்னொன்று கேட்பவரின் மனத்துக்கு. "வாங்க வேண்டும்" என்று நினைப்பதைவிட "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில்" என்று முடிச்சுப் போட்டு நினைத்தால் அந்தக் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. தேரடி ஸ்டாப்பை பஸ் கடக்கும்போது அந்த இடமே நினைவூட்ட வேண்டும். கடையின் பதிவுப் பெயர் வேறு. ஆனால் ஊரில் எல்லாரும் சொல்வது தேரடிக் கடை என்றுதான், அதனால் அந்தப் பெயரையே வைத்தோம்.

பதிவுக்கு முன் வசனத்தைச் சோதித்துவிட வேண்டும். நான் என் அம்மாவிடம் சோதித்தேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசித்துவிட்டு, உடனே கரண்ட் பில் பற்றிப் பேச்சைத் திருப்பினேன். இந்தத் திருப்பம் அவசியம். 1959இல் பீட்டர்சன் தம்பதியர் செய்த சோதனையில், மூன்றே மூன்று எழுத்தைக் கொடுத்துவிட்டு ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். பதினெட்டு வினாடிக்குள் பெரும்பாலும் மறந்துபோனது, மனத்துக்குள் திருப்பிச் சொல்ல வழியில்லாததால். ரேடியோவில் அடுத்த விளம்பரம் செய்வதும் இதே வேலைதான். இரண்டு நிமிடம் கழித்து என்ன கேட்டீர்கள் என்றேன். "கிலோவுக்குக் கால் கிலோ மிக்சராம், தேரடியில" என்றார் அம்மா. அண்ணாச்சியின் பழைய தாளை முந்தின நாள் இதே மாதிரி வாசித்தபோது கிடைத்த பதில், "ஏதோ தள்ளுபடின்னு சொன்னே."

வசனத்தால் தீர்க்க முடியாத சிக்கலும் உண்டு. அரைக் கிலோ வாங்குகிறவர் "எனக்கு நூத்திருபத்தஞ்சு கிராம் உண்டா?" என்று கேட்பார். அதற்கான பதிலை ரேடியோவில் சொல்லப் போனால் ஒன்பது எழுத்து முப்பதாகிவிடும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைப்பதுதான் வழி. மிக்சர் தீர்ந்துபோவது இதைவிடப் பெரிய தொல்லை. சலுகையைச் சொல்லி அழைத்துவிட்டுச் சரக்கு இல்லை என்று கைவிரிப்பது வாடிக்கையாளரை இழக்கும் வழி. அது மட்டுமல்ல, தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த நெறிமுறைகளும், அறிவித்த விலையில் கொடுக்கப் போதுமான சரக்கு இருக்க வேண்டும் என்கின்றன. நூறு கிலோ மைசூர்பாக்குக்கு ஆர்டர் வந்தால் இருபத்தைந்து கிலோ மிக்சர் தனியாக எடுத்து வைத்தாக வேண்டும்.

கடைசி மூன்று வினாடியில் ஏன் பேச்சில்லை என்று ஸ்டுடியோவில் கேட்டார்கள். பட்டியலில் கடைசியாகக் காதில் விழுந்தது பொதுவாக நன்றாக நினைவிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு சம்பந்தமில்லாத ஒரு சொல் ஒலித்தாலும் அந்த நினைவு கெடுகிறது என்று 1969இல் க்ரவுடரும் மார்ட்டனும் காட்டினார்கள். சொல்லுக்குப் பதில் ஒரு வெறும் பீப் ஒலி வந்தால் அவ்வளவு பாதிப்பு இல்லை. அது ஆய்வுக்கூடத்தில், சொற்பட்டியலை வைத்துப் பார்த்தது. ஓடும் பஸ்ஸில் அந்த அளவுக்குப் பலிக்குமா என்பது வேறு. ஆனாலும் அடுத்த விளம்பரத்தின் குரல் வந்து மோதுவதற்கு முன் மிக்சருக்கு மூன்று வினாடி கிடைக்கிறதே, அதை ஏன் விட வேண்டும்?

அறிவிப்பாளர் அனுபவசாலி, நல்ல குரல். முதல் டேக்கில் கடைசி வரியை அழகாக முடித்தார், அப்புறம் பழக்கத்தில் "நன்றி, வணக்கம்" என்றும் சேர்த்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணாச்சி எனக்கு முன்பே எழுந்து கையை ஆட்டினார். இரண்டாவது டேக் 'மிக்சர்' என்ற சொல்லோடு நின்றது, பின்னால் நெய் பொங்கியது.