மே மாதச் சென்னையில் எந்தச் சட்டை முதுகில் ஒட்டாது?

காட்டன் போட்டால் வேர்க்காது என்று பலர் நம்புகிறார்கள். வேர்க்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் எதைப் போட்டாலும் வேர்க்கும். அந்த வியர்வை உடம்பை விட்டுப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மதுரையில் வெயில் கொளுத்தினாலும் காற்று வறண்டிருப்பதால் வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். கடலோரத்தில் மதியம் கடற்காற்று வந்தால் வெயில் கொஞ்சம் தணியும், ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிடும். வியர்வை எளிதில் ஆவியாகாது. அதனால் இங்கே சட்டையின் முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. உறிஞ்சுவது அடுத்ததுதான்.

சட்டைத்துணிகளின் தரம் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க பைக்கில் சுற்றும் மெடிக்கல் ரெப் தம்பி ஒருவர் மூன்று பழைய சட்டைகளைக் கொண்டுவந்தார். "ரெண்டு காட்டன், ஒண்ணு லினன்ணே. மூணுமே முதுகுல ஒட்டுது" என்றார்.

முதல் சட்டை 'ரிங்கிள் ஃப்ரீ'. நூறு சதவீதம் காட்டன் என்று லேபிளில் போட்டிருந்தது, அது பொய்யில்லை. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் கட்டரால் ஒரு துண்டு எடுத்து எடை போட்டேன். 1.6 கிராம். அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம், ஜி.எஸ்.எம். 160. இந்த ஊருக்கு அது கனம். நெருக்கமான ட்வில் நெசவு வேறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் முத்தாக நின்றது. சுருக்கம் விழாமலிருக்க ஏற்றிய ரெசின் பூச்சு பருத்தி நீரை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். காட்டனுக்குக் காசு கொடுத்து, காட்டனின் குணத்தையே விட்டுக்கொடுத்த மாதிரிதான். (புதுத்துணியில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். மென்மைக்காக ஏற்றிய சிலிக்கான் இருக்கும். இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு பாருங்கள்.)

இரண்டாவது, 'லினன்'. உள்தையலில் நாலு இழை உருவி நெருப்பில் காட்டினேன். லினனோ காட்டனோ ஆக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். இது சுருங்கி உருகி, நுனியில் கறுத்த கடின மணியாக நின்றது. பாலியஸ்டர் கலப்பு. நூலில் அங்கங்கே தடிப்பு வைத்து நெய்தால் பார்வைக்கு லினன் போலவே இருக்கும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. காட்டன், லினன், விஸ்கோஸ் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எரியும். பாலியஸ்டர் இருக்கிறதா என்பதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது நல்ல பாப்ளின் காட்டன், 110 ஜி.எஸ்.எம். துணியில் குறை இல்லை, ஸ்லிம் ஃபிட் என்பதுதான் தொல்லை. நனைந்த மெல்லிய காட்டன் தோலோடு ஒட்டிக்கொண்டால், இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். காற்று நுழையாது. அதே துணியில் ஒரு சைஸ் தளர்வாக, அரைக்கையாகத் தைத்துப் போடச் சொன்னேன். அதற்குமேல் அவருக்குச் செலவு வைக்க மனமில்லை.

அசல் லினன் ஏன் மேல் என்றால், விறைப்புதான் காரணம். 140, 150 ஜி.எஸ்.எம். இருந்தாலும் நெசவு இடைவெளி விட்டிருக்கும், நனைந்தாலும் உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும். ஆய்வகத்தின் நிலையான சூழலில் 100 கிராம் உலர்ந்த லினன் காற்றிலிருந்து சுமார் 12 கிராம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். காட்டன் 8.5 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. கடையில் சோதிக்க ஒரு சுலப வழி: துணியை ஒற்றையாக வாயருகே பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் வைத்த கையில் மூச்சுக்காற்று தாராளமாகப் பட வேண்டும். அது எந்த நாராக இருந்தாலும் சரி.

பாலியஸ்டரை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். சல்லடை போல் பின்னிய விளையாட்டு டிஷர்ட், காலையில் பீச்சில் ஓடுகிறவர்களுக்கு நன்றாகவே உழைக்கும். ஓடும்போது காற்று அடிக்கிறது, வியர்வையைப் பரப்பிச் சீக்கிரம் காய வைக்கிறது. மழைக்காலத்தில் கொடியில் காய்வதும் அதுதான் முதலில். ஆனால் எட்டு மணி நேர ஆபீஸ் சட்டையாக வேண்டாம். அந்த நார் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும், நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் அதில் நன்றாக வளரும். துவைத்து மடித்த சட்டை, போட்ட அரைமணியில் அக்குளில் மணப்பது அதனால்தான். கம்பர்ட் மாதிரி திரவம் ஊற்றினால் வாசனை ஒருநாள் மறையும், ஆனால் அதன் படிவு துணியில் தங்கி ஈரம் உறிஞ்சுவதை இன்னும் கெடுக்கும். துவைக்குமுன் சட்டையை உள்பக்கம் திருப்பி, அக்குள் இடத்தில் சோப்பு தேய்த்து ஊறவைப்பதுதான் பலன் தரும்.

லினன் வாங்கினால் இஸ்திரிக்காரரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும், காலரிலும் கையிலும் ஒரே கோட்டில் கத்தி மடிப்பு வைக்கக் கூடாது. லினன் நார் வளைவுக்குத் தாங்காது, பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் முதலில் கிழியும்.