88-க்குப் பக்கத்தில் ஒரு 95

கொழும்பில் ஆணி அடித்ததுபோல் அந்தரத்தில் நின்ற எங்கள் ட்ரோன், நுவரெலியாவில் தேயிலை மலைக்கு மேலே ஒரே உயரத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் ஏறும், பொத்தென்று இறங்கும். "மலைக்காத்துதான் மச்சான்" என்றான் கூட வந்தவன். பறந்த பதிவைத் திறந்து பார்த்தோம்.

இது ஆர்டுபைலட் மென்பொருளில் ஓடும் நான்கு மோட்டார் ட்ரோன். `CTUN` வரியில் `BAlt` காற்றழுத்தமானி சொல்லும் உயரம். `Alt` ட்ரோன் தானே கணித்து நம்பும் உயரம். இரண்டும் ஒட்டிப் போக வேண்டும். எங்களுடையதில் விலகி விலகிப் போயின. அடுத்து அதிர்வைப் பதியும் `VIBE` வரி. `VibeZ` 30-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிக்கல்தான். கொழும்பில் 12 இருந்தது, இங்கே 45. `Clip` எண்ணிக்கை வேறு ஏறிக்கொண்டே போனது. அதாவது, அதிர்வு சில நேரம் முடுக்கமானி அளக்கக்கூடிய எல்லையையே முட்டியிருக்கிறது. உச்சி வெட்டுப்பட்டால் சராசரி ஒரு பக்கம் சாயும். இறங்காத ட்ரோன் இறங்குவதாக நம்பி விசையைக் கூட்டும், ஏறும். காற்றழுத்தமானி திருத்தியதும் பொத்தென்று இறங்கும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது? அதிர்வை விரிவாகப் பதிய `INS_LOG_BAT_MASK` ஐ 1 ஆக்கி ஒரு தடவை பறக்கவிட்டு, மிஷன் பிளானர் மென்பொருளில் எஃப்எஃப்டி எடுத்து அதிர்வை அலைவெண் வாரியாகப் பிரித்தோம். காமன் கூத்தில் தப்பும் உறுமியும் சேர்ந்து ஒலிக்கும்போது காது ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்குமே, அதே வேலைதான்.

கொழும்பில் 80 ஹெர்ட்ஸில் இருந்த முகடு இங்கே 88-இல் இருந்தது. அது நோயில்லை. 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 17 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்க இறக்கை ஒன்பது, பத்து சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். அதிர்வு வடிகட்டியின் அலைவெண்ணான `INS_HNTCH_FREQ` ஐ 88-க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று அவசரப்பட்டேன். அந்த வடிகட்டி சுழற்சியை அளக்கும் ஜைரோவுக்கு மட்டும்தான், முடுக்கமானியைத் தொடாது.

குற்றவாளி 95-இல் தனியாக நின்ற இரண்டாவது முகடு. ஒரு மோட்டார் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது! மோட்டார்களுக்குப் போகும் கட்டளையைப் பதியும் `RCOU` வில் `C2` மட்டும் உயர்ந்திருந்தது. எங்கள் எக்ஸ் வடிவச் சட்டத்தில் அது பின்பக்க இடது மோட்டார். அதன் இறக்கையைத் தடவிப் பார்த்தால், ஒரு இதழின் நுனியில் நகத்தளவு உடைந்திருந்தது. முந்தின நாள் தரையிறங்கும்போது தேயிலைச் செடியில் உரசியது ஞாபகம் வந்தது. உடைந்த இதழ் குறைவாகத் தூக்கும். ஈடுகட்ட மோட்டார் வேகம் கூடும். இரு பக்கமும் சமமில்லாததால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதறல். (190-இலும் சின்ன முகடு இருந்தது. இரண்டு இதழ் இறக்கையில் அது எப்போதும் இருப்பதுதான்.)

புது இறக்கை போட்டதும் 95 காணாமல் போனது, `VibeZ` 13-க்கு வந்தது.

நான்கு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றினால் முகடுகள் ஒன்றாகிவிடும், எது என்று வரைபடம் சொல்லாது. அப்போது இறக்கைகளை இடம் மாற்றித்தான் பார்க்க வேண்டும். இரண்டாவதை முதலாவதோடு மட்டும் மாற்றலாம். மற்ற இரண்டும் எதிர்த்திசையில் சுற்றுபவை.