நோயாளியின் புகாருக்கு மருத்துவமனை எழுத வேண்டிய பதில்: ஒரு கடிதம் திருத்தி எழுதப்பட்ட விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். நோயாளிகளும் உறவினர்களும் எழுதும் புகார்கள் என் மேசைக்கு வரும். பதில் கடிதமும் இங்கிருந்துதான் போகும். அப்படிப் போகவிருந்த ஒரு கடிதத்தை நிறுத்தி, விசாரித்து, முழுவதுமாக மாற்றி எழுதினோம். குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி, அதை இங்கே விளக்குகிறேன்.

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த 68 வயது அம்மா வயிற்று வலியோடு எங்களிடம் சேர்ந்திருந்தார். நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. காலையில் 22 யூனிட், இரவில் 14 யூனிட் என்று 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்பவர். மறுநாள் காலை 8 மணிக்கு வயிற்று ஸ்கேன், அதற்காக இரவு 10 மணி முதல் வெறும் வயிறு. காலையில் சர்க்கரை 142 இருந்தது. 7.15-க்கு வழக்கமான 22 யூனிட்டும் போடப்பட்டது. ஸ்கேன் அறையில் அவசர நோயாளிகள் வந்துவிட்டதால் அவருடைய முறை தள்ளிக்கொண்டே போனது. பத்தரை மணிக்கு மேல் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்த மகள் சிஸ்டரிடம் போய்ச் சொன்னார். “பட்டினி கிடப்பதால் வரும் தளர்ச்சி அக்கா, ஸ்கேன் முடிந்து சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. மகள் விடாமல் இன்னொரு சிஸ்டரை அழைத்துவந்தார். அவர் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 41. உடனே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பு வழியாகப் போனது. கால் மணி நேரத்தில் 118-க்கு ஏறியது. அம்மா தெளிந்துவிட்டார். ஆனால் கண்காணிப்புக்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று, அந்த நாளுக்கும் பில் போட்டிருந்தோம்.

மகன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகில் வேலை செய்கிறவர். கரைக்கு வந்ததும் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு பக்கத்தில் தமிழில் புகார் எழுதினார். அவர் கேட்டவை மூன்று. சாப்பிடாத அம்மாவுக்கு ஏன் முழு இன்சுலின் போட்டீர்கள்? தங்கை சொன்னதை ஏன் கேட்கவில்லை? உங்கள் தவற்றால் தங்கிய நாளுக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இதற்குத் தயாரான முதல் பதில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: “தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது. இனி இவ்வாறு நேராதபடி தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. தொடர்ந்து எங்கள் சேவையைப் பெறுமாறு வேண்டுகிறோம்.”

இந்தக் கடிதத்தில் இன்சுலின் இல்லை, ஸ்கேன் இல்லை, மகள் இல்லை. உணவு ஆறிப்போனது என்று எழுதியவருக்கும் இதையே அனுப்பலாம். கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடை கிடையாது. எடுத்ததாகச் சொன்ன நடவடிக்கை எது என்றும் தெரியாது. உண்மையில் அந்தச் சமயத்தில் எதுவும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில்தான். ஒரு தாயின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதக் கூடாது.

ஆகவே கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நடந்ததைத் தேடினோம். முதல் வேலை நேரங்களைச் சரிபார்ப்பது. நர்சிங் குறிப்பில் மகள் முதலில் வந்து சொன்னதே பதிவாகவில்லை. சர்க்கரை பார்த்த நேரம் 10.50 என்று எழுதியிருந்தது. குளுக்கோமீட்டர் தன் நினைவில் ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு வைத்திருக்கும். அதில் 10.45 என்று இருந்தது. ஆனால் அந்தக் கருவியின் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது 20 நிமிடம் பின்தங்கி ஓடியது தெரிந்தது. அப்படியானால் உண்மையான நேரம் 11.05. மகள் முதல் சிஸ்டரிடம் பேசிவிட்டு வந்ததும் அண்ணன் மனைவிக்குப் போன் செய்திருந்தார். அவருடைய கைபேசியில் அந்த அழைப்பு 10.42. குடும்பம் சொன்னதுதான் சரி. 20 நிமிடத்துக்கு மேல் நாங்கள் தாமதித்திருக்கிறோம்.

அடுத்தது காரணம். “சிஸ்டர் கவனிக்கவில்லை” என்று முடித்திருந்தால் விசாரணை அன்றே முடிந்திருக்கும். ஆனால் வெறும் வயிறு என்ற உத்தரவு கேஸ் ஷீட்டின் ஒரு பக்கத்தில் இருந்தது, இன்சுலின் உத்தரவு மருந்துச் சார்ட்டில் தனியாக இருந்தது. இரவுப் பணி சிஸ்டர் பட்டினி பற்றிக் காலைப் பணிக்கு வாயால் சொல்லிவிட்டுப் போனார். ஊசி போட்டவர் அதைக் கேட்டவர் அல்ல, சார்ட்டை மட்டும் பார்த்தவர். ஸ்கேன் வரும் நாளில் இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவரும் எழுதவில்லை. 30/70 கலவையில் 30 பங்கு அரை மணியில் வேலையைத் தொடங்கிவிடும், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும். ஸ்கேன் அறைக்கோ, வரிசையில் இருப்பவர்களில் யார் சர்க்கரை நோயாளி என்றே தெரியாது.

முதல் சிஸ்டர் சொன்ன பதிலுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது. குளுக்கோஸ் கொடுத்தால் ஸ்கேன் கெட்டுவிடும், மறுபடி நாளைக்குத்தான் எடுக்க முடியும் என்ற பயம் வார்டில் பலருக்கு இருந்தது. சாப்பிட்டால், முக்கியமாகக் கொழுப்புள்ள உணவு உள்ளே போனால், பித்தப்பை சுருங்கிவிடும் என்பது உண்மை. நரம்பு வழியாகப் போகும் டெக்ஸ்ட்ரோஸால் அப்படி ஆவதில்லை. அப்படியே ஸ்கேன் தள்ளிப்போனாலும் 41-க்கு முன் அது ஒரு பொருட்டல்ல. இதைச் சிஸ்டர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, வார்டில் மாற்றங்களைச் செய்துவிட்டு, கடிதத்தைத் தமிழில் எழுதினோம். வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டோம். அதன் முக்கியமான பகுதி இது:

“உங்கள் அம்மாவுக்கு அன்று காலை உணவு இல்லை என்று தெரிந்தும் முழு அளவு இன்சுலின் போட்டுவிட்டோம். அது எங்கள் தவறு. அதனால்தான் சர்க்கரை 41 வரை இறங்கியது. உங்கள் தங்கை சரியான நேரத்தில் சரியான அறிகுறியைச் சொன்னார். அப்போதே சர்க்கரையைப் பார்த்திருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் தாமதித்தோம். எங்கள் குறிப்பில் இருந்த நேரம் தவறு, நீங்கள் எழுதிய நேரமே சரி. உங்கள் அம்மாவிடமும் தங்கையிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் வார்டுகளில் செய்திருக்கும் மாற்றங்கள்: வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நோயாளியின் மருந்துச் சார்ட்டின் முகப்பில் சிவப்பு அட்டை செருகப்படுகிறது. அந்த அட்டை இருந்தால், மருத்துவர் அன்றைக்கான அளவைப் புதிதாக எழுதிக் கையெழுத்திடாமல் இன்சுலின் போடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளின் ஸ்கேன் காலை முதல் வரிசையில் எடுக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஸ்கேன் அறை வார்டுக்குப் போன் செய்ய வேண்டும், வார்டில் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், குழறல் என்று உறவினர் சொன்னால் யாரிடமும் கேட்காமல் சர்க்கரையைப் பார்க்கலாம் என்று எல்லா சிஸ்டர்களுக்கும் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு வார்டிலும் டெக்ஸ்ட்ரோஸ், ஊசி, குளுக்கோமீட்டர் கொண்ட பெட்டி ஒன்று சிஸ்டர் மேசையில் இருக்கிறது. குளுக்கோமீட்டர் கடிகாரம் வாரந்தோறும் திங்கட்கிழமை சரிபார்க்கப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேன் மருத்துவர் அழைப்பின் பேரில் வருவதால் முதல் வரிசை என்பதை அன்று மட்டும் இன்னும் உறுதி செய்ய முடியவில்லை. அதுவரை ஞாயிறு ஸ்கேனுக்குக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கிறோம். கூடுதலாகத் தங்கிய நாளுக்கான முழுத் தொகையும் உங்கள் கணக்கில் திருப்பிச் செலுத்தப்பட்டுவிட்டது. இந்த மாற்றங்களை நேரில் வந்து பார்க்க விரும்பினால் நர்சிங் கண்காணிப்பாளர் உங்களை வார்டுக்கு அழைத்துச் செல்வார்.”

ஞாயிறு பற்றிய பத்தியை எடுத்துவிடும்படி நிர்வாகத்தில் சொன்னார்கள். குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குடும்பத்துக்கு இதே நிலை வந்தால், அந்தக் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். எது முடிந்தது, எது முடியவில்லை, முடியும்வரை என்ன செய்கிறோம் என்ற மூன்றும் இருந்தால்தான் மற்ற வரிகளையும் நம்பலாம். அந்தப் பத்தி நின்றது.

“எங்கள் தவறு” என்று எழுதலாமா என்பது அதைவிடப் பெரிய விவாதம். இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு பாதுகாப்புக் கிடையாது, எனவே நிர்வாகத்தின் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் இன்சுலின் போட்ட நேரமும் 41 என்ற அளவும் ஏற்கெனவே எங்கள் பதிவேட்டில் இருந்தன. பதிவேட்டில் உள்ளதைக் கடிதத்தில் மறைப்பதால் எந்த வழக்கும் நின்றுவிடாது. விசாரணையில் உறுதியானதை மட்டும் எழுதுவது, உறுதியாகாததை ஊகித்து எழுதாமல் இருப்பது என்ற எல்லையை எங்கள் வழக்கறிஞரும் ஏற்றுக்கொண்டார்.

சிஸ்டரின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. அவரைக் கைகாட்டி விட்டிருந்தால் குடும்பத்தின் கோபம் ஓர் இளம் பெண்ணின் மேல் இறங்கியிருக்கும், வார்டின் நடைமுறை மாறாமலே இருந்திருக்கும். மகளிடம் பேசிய விதத்துக்காக அவரே நேரில் வருத்தம் தெரிவிக்க விரும்பினார். நர்சிங் கண்காணிப்பாளர் உடன் இருக்க, அது நடந்தது.

மருத்துவமனையிடம் புகார் கொடுத்து, பொதுவான நான்கு வரிப் பதில் வாங்கியவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் பதிலோடு விட்டுவிட வேண்டாம். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்: விசாரணையில் என்ன தெரிந்தது, எந்த நடைமுறை எந்தத் தேதியிலிருந்து மாறியது, அதை யார் சரிபார்க்கிறார். “ஊழியர் எச்சரிக்கப்பட்டார்” என்று மட்டும் பதில் வந்தால், நடைமுறை எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலையும் எழுதிக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். உங்கள் கைபேசியில் உள்ள அழைப்பு நேரங்களையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.