இரண்டு வெண்டர், ஒரே ஊற்று: மூலமருந்து பி.எல்.ஐ. திட்டம் யாருக்கு, எதற்கு?

2020 பிப்ரவரியில் எங்கள் மருந்துக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஷீட்டில், கேப்சூலுக்குள் போடும் ஆன்டிபயாடிக் மூலமருந்தான அமாக்ஸிசிலினுக்கு இரண்டு வெண்டர்கள் இருந்தார்கள். ஒருவர் வடக்கே, இன்னொருவர் ஆந்திரப் பக்கம். இரண்டு பேரும் இந்தியாவிலேயே தயாரிப்பவர்கள் என்பதால் ஆடிட்டில் அந்த வரிக்குப் பச்சை நிறம் போட்டிருந்தோம். ஒரே வாரத்தில் இருவரிடமிருந்தும் போன் வந்தது. இருவரும் சொன்னதும் ஒன்றுதான்: “6-ஏ.பி.ஏ. சீனாவிலிருந்து வரவில்லை சார், டெலிவரி தேதி சொல்ல முடியாது.” 6-ஏ.பி.ஏ. இல்லாமல் அமாக்ஸிசிலின் செய்ய முடியாது. வெண்டர்கள் இரண்டு பேர்தான், ஆனால் இருவருக்கும் ஊற்று ஒன்று. அதை நாங்கள் கேட்டு வைக்கவே இல்லை.

அந்த மார்ச் 3-ஆம் தேதி மத்திய அரசு பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மூலமருந்துகளுக்கும் அவற்றைக் கொண்டு செய்த மருந்துகளுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. 20-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததுதான், மூலமருந்துகளுக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம். தொழிலில் எல்லோரும் இதை பி.எல்.ஐ. என்பார்கள், ஒதுக்கீடு 6,940 கோடி ரூபாய். இதைப் பற்றிக் கேட்கிறவர்களில் பலர் இரண்டு விஷயங்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மாத்திரை செய்கிற கம்பெனிக்கும் இதில் பணம் கிடைக்கும் என்பது ஒன்று. இந்தியாவில் ஆலை வந்துவிட்டதால் சப்ளை பாதுகாப்பாகிவிட்டது என்பது இன்னொன்று.

முதலில், எதற்காக இந்தத் திட்டம் என்பதை ஒரே ஒரு கேப்சூலை வைத்துப் பார்ப்போம். அமாக்ஸிசிலின் 500 மி.கி. கேப்சூல் பத்து லட்சம் போட வேண்டும் என்று வையுங்கள். உள்ளே போவது நீர் சேர்ந்த டிரைஹைட்ரேட் வடிவம், அதனால் 500 கிலோ போதாது, 574 கிலோ வேண்டும். அந்த 574 கிலோ செய்ய, ஏட்டுக் கணக்கில், 296 கிலோ 6-ஏ.பி.ஏ. வேண்டும். அந்த 6-ஏ.பி.ஏ.வை வெட்டியெடுக்க ஏறக்குறைய 510 கிலோ பென்சிலின்-ஜி பொட்டாசியம் உப்பு வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு, ஆகவே அளவு இன்னும் ஏறும். சுருக்கமாக, நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு 500 மி.கி. கேப்சூலுக்குப் பின்னாலும் குறைந்தது அதே எடை பென்சிலின்-ஜி இருக்கிறது.

இந்த பென்சிலின்-ஜி வேதிக் கலவையில் பிறப்பதல்ல. பெரிய பெரிய தொட்டிகளில் பூஞ்சையை வளர்த்து, சர்க்கரைக் கரைசல் ஊட்டி, நாள்கணக்கில் காற்று செலுத்தி, நொதிக்கவைத்து எடுப்பது. கரண்ட் செலவும் நீராவிச் செலவும் கழிவுநீர்ச் செலவும் சேர்ந்துதான் விலையை முடிவு செய்கின்றன. ஒரு காலத்தில் நாமே இதைச் செய்தோம். புனே அருகே பிம்ப்ரியில் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் செய்தது, கடலூரில் ஸ்பிக் செய்தது. சீன விலைக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இன்று உலகின் 6-ஏ.பி.ஏ. பெருமளவு உள்மங்கோலியா, ஷின்ஜியாங், ஷான்ஸி போன்ற சீனப் பகுதிகளில் உள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளிலிருந்து வருகிறது. கேப்சூல் போடும் கம்பெனிகள் நம் நாட்டில் எத்தனையோ. மேலே போகப் போக எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வரும். புனலைக் கவிழ்த்து வைத்தது போல என்று புது ஆட்களுக்குச் சொல்வேன்.

திட்டம் கைவைத்தது இந்தப் புனலின் குறுகிய வாயில்தான். 41 பொருள்களைத் தேர்ந்தெடுத்து நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். நொதித்தல் வழியில் வரும் அடிப்படைப் பொருள்கள் நான்கு: பென்சிலின்-ஜி, 7-ஏ.சி.ஏ., எரித்ரோமைசின் தயோசயனேட், கிளாவுலானிக் அமிலம். நொதித்தல் வழியில் வேறு பத்து: ஜென்டாமைசின், டெக்ஸாமெத்தசோன், ரிஃபாம்பிசின் போன்றவை. வேதித் தொகுப்பில் அடிப்படைப் பொருள் நான்கு, பாராசிட்டமாலுக்கு வேண்டிய பாரா அமினோ ஃபீனால் இதில்தான் வரும். மிச்சம் 23 மற்ற வேதிப் பொருள்கள். இந்தப் பட்டியலில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். நொதித்தல் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு கம்பெனி, வேதிப் பொருளுக்கு நான்கு கம்பெனி வரை தேர்வு செய்யலாம் என்று வகுத்திருந்தார்கள். ஒருவரையே நம்பக் கூடாது என்ற எண்ணம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இரண்டு இடம் என்று எழுதிவைத்தால் இரண்டு பேர் வந்து ஆலை கட்டுவார்கள் என்பது நிச்சயமில்லையே.

பணம் யாருக்கு? புதிதாக ஆலை கட்டி, அந்த 41-இல் ஒன்றைச் செய்து விற்கிற, தேர்வான கம்பெனிக்கு மட்டும். ஆலை கட்டுவதற்கு முன்பணம் இல்லை, விற்ற பிறகுதான். நொதித்தல் பொருளாக இருந்தால் 2023-24 முதல் 2026-27 வரை தகுதியுள்ள விற்பனையில் 20 சதவீதம், 2027-28-இல் 15, 2028-29-இல் 5, அதோடு முடிந்தது. வேதிப் பொருளுக்கு 2022-23 முதல் 2027-28 வரை ஒரே சீராக 10 சதவீதம். நூறு ரூபாய்க்கு பென்சிலின்-ஜி விற்றால் இப்போது 20 ரூபாய் வரும், கடைசி வருடம் 5 ரூபாய் வரும், ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு. வாங்குகிற நமக்கு ஒரு பைசாவும் இல்லை. விண்ணப்பச் சுற்றுகளும் முடிந்துவிட்டன. “நாங்களும் அப்ளை பண்ணலாமா?” என்று கேட்கிற சிறு தொழில்காரர்களுக்கு என் பதில் இதுதான்.

ஊக்கத்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு, வாங்குகிறவர்களுக்கு மிகவும் உதவுவது அதுதான். நொதித்தல் பொருளில் உள்நாட்டு மதிப்புக்கூட்டல் 90 சதவீதம் இருக்க வேண்டும், வேதிப் பொருளில் 70. அதாவது நூறு ரூபாய் பென்சிலின்-ஜியில் இறக்குமதிச் சரக்கு பத்து ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. வெளிநாட்டு பென்சிலின்-ஜியை வாங்கி லேபிள் மாற்றுகிற வேலை இங்கே செல்லாது. பி.எல்.ஐ. பணம் வாங்குகிற ஆலையின் சரக்கு என்றால், ஊற்று வேறு என்பதற்கு அரசே ஒரு சான்று வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பலன் வந்திருக்கிறதா என்றால், வந்திருக்கிறது. அரவிந்தோ குழுமத்தின் லைஃபியஸ் ஆந்திராவின் காக்கிநாடா பக்கம் ஆண்டுக்கு 15,000 டன் திறனுள்ள பென்சிலின்-ஜி ஆலையை 2024-இல் ஓட்டத் தொடங்கியது. கின்வன் இமாச்சலின் நாலாகரில் கிளாவுலானிக் அமிலம் செய்கிறது. ஆனால் இந்திய ஆலைகள் ஓடத் தொடங்கிய வேளையில் சீன விலையும் இறங்கியது. குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கச் சொல்லித் தயாரிப்பாளர்கள் கேட்டதற்குக் காரணம் அதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே ஊக்கத்தொகை என்றிருந்தார்கள், 2020 அக்டோபரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆலை ஏற்றுமதியும் செய்யலாம். நெருக்கடியில் நமக்குத்தான் முதல் டிரம் என்று எந்த விதியும் இல்லை. தவறாமல் ஆர்டர் கொடுத்து வந்தவருக்குத்தான் போகும்.

சரி, நம் பங்கு என்ன? வரைபடம் போடுவது. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். அமாக்ஸிசிலின்-கிளாவுலானேட் 625 மாத்திரையை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் இரண்டு கால் வரையுங்கள். ஒரு காலில் அமாக்ஸிசிலின், அதன் மேலே 6-ஏ.பி.ஏ., அதன் மேலே பென்சிலின்-ஜி. மறு காலில் பொட்டாசியம் கிளாவுலானேட். ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள், ஆலை இருக்கும் ஊரை எழுதுங்கள். முதல் கட்டத்துக்குப் பதில் டிரம்மிலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், இங்கே செய்ததோ இறக்குமதியோ, ஒவ்வொரு மூலமருந்துப் பொதியிலும் க்யூ.ஆர். கோடு கட்டாயம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், பேட்ச் அளவு, லைசென்ஸ் எண் எல்லாம் அதில் வரும். ஸ்டோரில் கிடந்த டிரம்களை ஸ்கேன் செய்த அன்று, டிரேடர் பெயரில் வந்த “மூன்றாவது சோர்ஸ்” நம் முதல் வெண்டரின் ஆலைச் சரக்குதான் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கோடு அதற்கு மேலே போகாது. 6-ஏ.பி.ஏ. எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை வெண்டரிடம் எழுத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். “ரகசியம்” என்பார்கள். பெயர் வேண்டாம், நாடும் மாகாணமும் மட்டும் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கே ஊற்று ஒன்றுதான் என்று தாளில் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. புது சோர்ஸைச் சேர்ப்பது விலை பேசுகிற விஷயம் மட்டும் அல்ல. மருந்து உற்பத்தித் தர விதிகளான திருத்தப்பட்ட ஷெட்யூல் எம், மூலப்பொருளை அங்கீகரித்த சப்ளையரிடமிருந்தே வாங்கவும், மாற்றங்களை முறைப்படி பதிவு செய்யவும் சொல்கிறது. எங்கள் வழக்கம், ஆலையை நேரில் ஆடிட் செய்து, மூன்று பேட்ச் போட்டு, 40 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது. நேரடியாக வெளிநாட்டு ஆலையிலிருந்து மூலமருந்து எடுப்பதானால் படிவம் 41 பதிவும் படிவம் 10 இறக்குமதி லைசென்ஸும் முன்னாலேயே வேண்டும். ஏற்றுமதிச் சரக்கென்றால் வாங்குகிற நாட்டின் பதிவிலும் சோர்ஸைச் சேர்க்க வேண்டும். இன்று ஆரம்பித்தால் முக்கால் வருடம். தட்டுப்பாடு வந்த பிறகு ஆரம்பிப்பதில் பயனில்லை.

எங்களுக்குச் சறுக்கியது வேறு இடத்தில். புது அமாக்ஸிசிலின் எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் எல்லாச் சோதனையிலும் தேறியது. மெஷினில் போட்டால் கேப்சூல் மூடவில்லை. தூள் இலேசாக இருந்தது, 574 மி.கி. வழக்கமான சைஸுக்குள் அடங்கவில்லை. அழுத்திக் குறுணையாக்கிய ரகத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் சரியானது. என்சைம் வழியில் செய்ததா, பழைய வேதி வழியில் செய்ததா என்பதைப் பொறுத்து மாசுகளும் கரைப்பான் மிச்சமும் மாறும். ஆகவே பழைய ஸ்பெசிஃபிகேஷனையே புது வெண்டருக்கும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

விலைக்கு வருவோம். அமாக்ஸிசிலின் கேப்சூலுக்கு அரசின் உச்சவரம்பு விலை உண்டு, கூடுதல் செலவை எம்.ஆர்.பி.யில் ஏற்ற முடியாது. முதலாளி கேட்கிற முதல் கேள்வியும் இதுதான். இரண்டாவது சோர்ஸ் கிலோவுக்கு நூறு ரூபாய் அதிகம் என்று வைத்து, 30 சதவீதம் மட்டும் அவர்களிடம் எடுத்தால், பத்து லட்சம் கேப்சூலுக்கு 172 கிலோ, கூடுதலாக 17,200 ரூபாய். கேப்சூலுக்கு 1.7 பைசா. டெண்டரில் பைசாவுக்கு அடிதடி நடக்கிற தொழிலில் இது சின்னத் தொகை அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்ரூவ் செய்து வைத்துவிட்டு வருடத்துக்கு ஒரு டிரம் வாங்குகிற ஏற்பாட்டை நான் இரட்டை சோர்ஸ் என்று சொல்ல மாட்டேன். நெருக்கடியில் அந்த வெண்டர் நம் போனையே எடுக்க மாட்டார்.

இப்போது எங்கள் ஷீட்டில் “மேல் ஊற்று, மாகாணம்” என்று ஒரு பத்தி இருக்கிறது. ஒரு வெண்டர் மட்டும் அதை இன்னும் நிரப்பித் தரவில்லை. சரக்கு நல்ல சரக்கு, ஆர்டரை நிறுத்தவில்லை. அவரிடம் எடுக்கும் பொருளுக்கு மட்டும் கையிருப்பை 45 நாளிலிருந்து 90 நாளாக ஏற்றி வைத்திருக்கிறேன்.