சராசரி வீதமா, தொகுவீதமா?

‘எல்லாக் கிளைகளின் சராசரி பழுது வீதம்: 5%’. டாஷ்போர்டுகளில் இந்தத் தலைப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. போன வாரம் ஒரு கூட்டத்தில் அதையும் தாண்டி, ‘கூட்டுச் சராசரி வீதம்’ என்று போட்டிருந்தார்கள். ஏன் ‘கூட்டு’ என்று கேட்டேன். “எல்லாக் கிளையையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த வீதம் சார், அதனால்தான்” என்றார் மொழிபெயர்த்தவர். திரையில் இருந்த எண்ணை யாரும் அப்படிக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

சொல் வரலாறு சுருக்கமானது. சராசரி, பாரசீகத்தின் ‘சராசர்’ வழி வந்தது. ‘சர்’ என்றால் தலை. தலைக்குத் தலை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. மராத்தியிலும் இதே சொல்தான். தூய தமிழ் வேண்டுவோர் ‘நிரவல்’ என்பார்கள், மேடு பள்ளத்தை நிரவுவது போல. நல்ல சொல். ஆனால் எதை நிரவினோம் என்று அதுவும் சொல்வதில்லை.

மூன்று கிளைகளை எடுத்துக்கொள்வோம். முதல் கிளை 8000 பொருளைச் சோதித்தது, பழுது 80, அது 1%. இரண்டாவது 1900 சோதித்து 38 பழுது, 2%. மூன்றாவது சின்னக் கிளை. 100 சோதித்து 12 பழுது, 12%. இந்த மூன்று வீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 5%. பழுதை எல்லாம் கூட்டி, சோதித்ததை எல்லாம் கூட்டி, பிறகு வகுத்தால் 10,000-க்கு 130, அதாவது 1.3%. ஒரே மாதம், ஒரே தரவு. வினவலில் இவ்வளவுதான் வித்தியாசம்:

```
AVG(defects * 1.0 / checked)
SUM(defects) * 1.0 / SUM(checked)
```

முதல் வரி கிளைக்கு ஒரு ஓட்டு கொடுக்கிறது, இரண்டாவது பொருளுக்கு ஒரு ஓட்டு. சின்னக் கிளையில் பழுது 12-லிருந்து 6 ஆனால் முதல் எண் 5-லிருந்து 3-க்கு விழும், இரண்டாவது 1.3-லிருந்து 1.24-க்குத்தான் நகரும். ஆறே ஆறு பொருள்!

இப்போது ‘கூட்டுச் சராசரி’க்கு வருவோம். பள்ளிக் கணக்கில் இந்தச் சொல் ஏற்கனவே குடியிருக்கிறது: எண்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. ஆக, ‘கூட்டுச் சராசரி வீதம்’ என்றால் புத்தகம் படித்தவர் 5%-ஐ நினைப்பார். சொல்லை அப்படியே காதில் வாங்குபவர் 1.3%-ஐ நினைப்பார். இரண்டு பேரும் சரி, தலைப்புதான் தப்பு. ‘எடையிட்ட சராசரி’ என்பார் இன்னொருவர். கிளை வீதங்களுக்குச் சோதித்த எண்ணிக்கையையே எடையாகக் கொடுத்தால் 1.3% கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எடை எது என்று தலைப்பில் சொல்ல வேண்டும். விற்பனைத் தொகையை எடையாக வைத்துவிட்டு அதே பெயரைச் சூட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

என் தேர்வு ‘தொகுவீதம்’. ஊறுகாய் போல வினைத்தொகை: தொகுத்த, தொகுக்கும் வீதம். தொகை என்றாலே கூட்டல்தானே. முதலில் தொகு, அப்புறம் வகு என்ற வரிசையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. (விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்றால் திருத்துவது என்று பழகியவர்கள் முகம் சுளிக்கலாம். ‘மொத்த வீதம்’ என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.) மற்றதற்கு ‘கிளை வீதங்களின் சராசரி’ போதும். ‘வீதங்களின்’ என்ற பன்மையை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். ‘சராசரி வீதம்’ என்று சுருக்கும்போது உருபோடு பொருளும் தொக்கிப் போகிறது. இடம் போதவில்லை என்பார்கள் மொழிபெயர்ப்பவர்கள்; பக்கத்திலேயே நிறுவன முத்திரைக்கு அரைத் திரை இருக்கும்.

தொகுவீதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அடுத்த மாதம் மூன்று கிளைகளும் முன்னேறி 0.9%, 1.9%, 10% ஆகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை இடம் மாறி, சோதித்தவை 5000, 4000, 1000. பழுது 45, 76, 100, மொத்தம் 221. தொகுவீதம் 1.3-லிருந்து 2.21-க்கு ஏறிவிடும். எந்தக் கிளையும் கெடவில்லை, பழுது அதிகமுள்ள இடங்களுக்கு வேலை போயிருக்கிறது. கிளை வீதங்களின் சராசரியோ 4.27% என்று இறங்கிக் காட்டும்.

திரையில் உள்ளது எது என்று தெரியவில்லையா? கிளைகளின் வீதங்களை நீங்களே கூட்டி, கிளை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மொத்த வரியில் இருக்கும் எண்ணே வந்தால் அநேகமாக அது தொகுவீதம் அல்ல. எல்லாக் கிளையும் ஒரே அளவு சோதித்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதைச் சரிபார்க்கச் சோதித்த எண்ணிக்கை வேண்டும். பல டாஷ்போர்டுகளில் அந்தப் பத்தியைத்தான் மறைத்து வைத்திருப்பார்கள்.