ஒரு ஆளுக்கு 15,000 என்றால் ஐந்து பேருக்கு 75,000 இல்லை

சென்னை கல்மண்டபத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். மே மாத லீவு நெருங்கினால் தினமும் யாராவது ஒருவர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சார், ஒரு ஆளுக்கு பதினஞ்சாயிரம்னு போட்டிருக்கான், பசங்களுக்குப் பாதி, நீங்க ஏன் இவ்ளோ சொல்றீங்க?" என்று கேட்பார். பொறுமையாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்ட பிறகு, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அப்பா, அம்மா, 13 வயதுப் பையன், 8 வயதுப் பெண், 68 வயதுப் பாட்டி. வேறு இடத்தில் 54,000 ரூபாய்க்குப் பேசி, மூணாறு, தேக்கடி, ஆலப்புழை என்று நாலு இரவு போயிருக்கிறார்கள். மூணாறு ஓட்டலில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கினால், வவுச்சரில் ஒரே ஒரு அறை. ஐந்து பேர். முட்டி வலி உள்ள பாட்டிக்குத் தரையில் மெத்தை. சீசன் நேரம், அங்கேயே இன்னொரு அறை கேட்டதற்கு இரட்டிப்பு விலை சொல்லியிருக்கிறார்கள். பையனுக்கு 11 வயது என்று எழுதிக் கொடுத்திருந்ததால், ஆதாரைப் பார்த்துவிட்டு அவனுக்கும் தனியாக வாங்கியிருக்கிறார்கள்.

அந்த 54,000 எப்படி வந்தது தெரியுமா? பெரியவர் மூன்று பேருக்கு 45,000. பிள்ளைகள் இருவருக்கும் பாதிப் பாதி, 15,000. மொத்தம் 60,000. அதில் பத்து சதவீதம் குரூப் தள்ளுபடி. வீட்டில் இப்படிக் கணக்குப் போட்டு, "இந்த ரேட்டுக்கு முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். முடியும் என்று ஒருவர் தலையாட்டியிருக்கிறார், அறையைக் குறைத்துவிட்டு.

விளம்பரத்தில் வரும் விலை ட்வின் ஷேரிங் விலை. அதாவது ஒரு அறையில் இரண்டு பெரியவர்கள் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது. இதை மட்டும் பிரித்துப் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். கணக்குச் சுலபமாக இருக்க ரவுண்டான எண்களில் சொல்கிறேன். ஒரு அறை ஒரு இரவுக்கு 3,000, நாலு இரவுக்கு 12,000. அதில் பாதி 6,000 உங்கள் தலையில். வண்டி, டிரைவர் பேட்டா, காலைச் சாப்பாடு, எங்கள் கூலி எல்லாம் சேர்த்து 9,000. இரண்டும் சேர்ந்து 15,000.

இப்போது பாட்டிக்குத் தனி அறை வேண்டும் என்கிறீர்கள். ஓட்டல்காரருக்கு அறையில் ஒருவர் இருந்தாலும் இருவர் இருந்தாலும் 12,000தான். பாட்டியின் 15,000-ல் பாதி அறைக்காசுதான் இருக்கிறது. மீதிப் பாதியை யார் கொடுப்பது? அந்த 6,000தான் சிங்கிள் சப்ளிமெண்ட். அது அபராதம் இல்லை, எங்கள் கமிஷனும் இல்லை. மின்ட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் தனியாகப் போக வேண்டுமென்றால் காலி சீட்டுக்கும் நீங்கள்தானே கொடுப்பீர்கள், அதுதான் இது. "வயசானவங்க, ஒண்டியா இருக்காங்க, சாப்பாடும் கம்மி, அவங்களுக்கு ஏன் சார் ஜாஸ்தி?" என்று கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காலியாகக் கிடக்கும் கட்டிலுக்கான காசு அது. (ஆலப்புழையில் படகு வீட்டில் தங்கினால் தனி அறைக்கு இன்னும் ஏறும். அங்கே அறையே இரண்டு மூன்றுதான் இருக்கும்.)

பிள்ளைகள் விலையும் இதே கதைதான். வண்டியில் எட்டு வயதுக் குழந்தைக்கும் ஒரு சீட் வேண்டும், அதனால் அந்த 9,000-ல் பெரிதாகக் குறையாது. குறைவது பெரும்பாலும் அறைக்காசில். அப்பா அம்மா அறையிலேயே எக்ஸ்ட்ரா பெட் போட்டால் குழந்தைக்கு 11,000, தனிக் கட்டில் வேண்டாம் என்றால் 8,000 என்று வரும். பெரியவர்கள் எக்ஸ்ட்ரா பெட்டில் படுத்தால் 13,000. பாதி டிக்கெட் என்ற பேச்சே இதில் கிடையாது. ரயிலில்கூட 2016 ஏப்ரலிலிருந்து ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம்தான்.

முக்கியமான விஷயம், குழந்தை விலை என்பது ஒரே அறையில் முழுக் காசு கொடுக்கும் இரண்டு பெரியவர்கள் இருந்தால் மட்டும். பாட்டியோடு பேத்தி படுத்துக்கொள்ளட்டும் என்றால், அந்த அறையில் பேத்திதான் இரண்டாவது ஆள். அவளுக்கு எட்டு வயதானாலும் 15,000.

சரி, இந்தக் குடும்பத்துக்கே போட்டுப் பார்ப்போம். பாட்டிக்குத் தனி அறை என்றால் அவருக்கு 21,000. மற்ற நால்வரும் ஒரே அறையில், பையன் பெரியவர் கணக்கில் எக்ஸ்ட்ரா பெட்டில், பெண் கட்டில் இல்லாமல். மொத்தம் 72,000. பாட்டியோடு பேத்தியை விட்டு, பையனை அப்பா அம்மா அறையில் போட்டால் 73,000. பாட்டியோடு பேரனை விட்டு, பெண்ணுக்கு அப்பா அம்மா அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டால் 71,000. பையன் எப்படியும் பெரியவர் கணக்குத்தான், அதனால் இரண்டாவது கட்டிலை அவன் நிரப்புவதுதான் லாபம். எல்லோருக்கும் கட்டிலும் கிடைக்கும், ராத்திரி பாட்டிக்குத் துணையும் ஆச்சு.

அப்புறம் தள்ளுபடி. எங்கள் தொழிலில் குரூப் என்றால் பெரும்பாலும் முழுக் காசு கொடுப்பவர்கள் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று எண்ணுவோம். ஒரே தெருவில் மூன்று குடும்பம் சேர்ந்து பதிமூன்று பேர் வருவார்கள், அதில் நாலு பேர் குழந்தை விலை. முழுக் காசு ஒன்பது, தள்ளுபடி இல்லை. அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். கிடைத்தாலும் பத்து சதவீதம் அந்த 15,000-க்கு மட்டும்தான் வரும். சப்ளிமெண்ட்டுக்கோ குழந்தை விலைக்கோ எக்ஸ்ட்ரா பெட்டுக்கோ வராது. இந்தக் குடும்பமும் அப்படி ஒரு பெரிய குரூப்போடு சேர்ந்து போனதாக வைத்துக்கொண்டால், பேரன் பாட்டியோடு தங்கும் கணக்கில் முழுக் காசு நாலு பேர், 60,000-க்குத் தள்ளுபடி 6,000. 71,000 போய் 65,000. அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3,250. கையிலிருந்து போவது 68,250. பாட்டிக்குத் தனி அறை என்ற கணக்கில் இதே வழியில் 70,875 வரும், ஏனென்றால் முழுக் காசு மூன்று பேர்தான். தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் ஜிஎஸ்டி போட வேண்டும். முதலில் வரியைப் போட்டுவிட்டு அப்புறம் கழிக்கும் பில்லைப் பார்த்தால் திருத்தச் சொல்லுங்கள்.

தயவுசெய்து வயதை மறைக்காதீர்கள். பயணம் போகும் தேதியில் என்ன வயதோ அதுதான் கணக்கு, புக்கிங் அன்றைக்கு உள்ளது இல்லை. நடுவில் பிறந்தநாள் வந்தால் அதையும் சொல்லுங்கள். ஓட்டலுக்கு ஓட்டல் வரம்பு மாறும், ஐந்துக்குக் கீழ் இலவசம் என்பது ஒரு இடத்தில், ஆறுக்குக் கீழ் என்பது இன்னொரு இடத்தில். அதனால் மூன்று ஊருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மொத்தத் தொகையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முன்பணம் கட்டாதீர்கள். எந்த அறையில் யார் யார், எத்தனை எக்ஸ்ட்ரா பெட், யாருக்கு என்ன விலை என்று பெயர் போட்ட பட்டியல் கேளுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் போகிறீர்கள் என்றால் 24-ம் 31-ம் தேதி இரவு விருந்துக்குத் தலைக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பல ஓட்டல்களில் சாப்பிடாவிட்டாலும் அதை வாங்குவார்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து.