ஒட்டுறவு அணியில் ஓர் எண்ணை மாற்றும் முன்

முதலீட்டு அபாயம் கணக்கிடும் வேலையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: “இந்த இரண்டு பங்குகளின் ஒட்டுறவு 0.9-இலிருந்து 0.5-க்கு இறங்கினால் என்ன ஆகும்?” உடனே அணியில் அந்த எண்ணை மட்டும் மாற்றிக் கணக்கை ஓட்டிவிடுவார்கள். இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று பங்குகள், எல்லா ஒட்டுறவும் 0.9 என்று வைப்போம். இந்த அணி A-யின் ஐகன் மதிப்புகள் 2.8, 0.1, 0.1. நாம் செய்த மாற்றமும் ஒரு சமச்சீர் அணிதான். முதல் இரண்டு பங்குகள் சந்திக்கும் இரண்டு இடங்களில் -0.4, மற்ற எல்லா இடத்திலும் பூஜ்யம். இந்த B-யின் ஐகன் மதிப்புகள் 0.4, 0, -0.4. புதிய அணி A+B.

இரண்டின் ஐகன் மதிப்புகளையும் வரிசையாகக் கூட்டினால் A+B-யின் ஐகன் மதிப்புகள் கிடைத்துவிடாது. ஒரே திசையில் நின்று பார்த்தால் இரண்டு அணிகளின் மதிப்பும் நேராகக் கூடும். ஆனால் A-க்கு மிகச் சிறிய மதிப்பு தரும் திசை வேறு, B-க்கு அதைத் தரும் திசை வேறு. அதனால் நமக்குக் கிடைப்பது எல்லை மட்டுமே. ஹெர்மன் வைல் 1912-இல் தந்த எல்லை இது (மதிப்புகளை வரிசைப்படுத்திய பிறகு):

```
λᵢ(A) + λmin(B) ≤ λᵢ(A+B) ≤ λᵢ(A) + λmax(B)
```

நம் கணக்கில் கடைசி ஐகன் மதிப்பு 0.1 - 0.4 = -0.3 வரை இறங்கலாம். அதாவது, அது நேர்மமாகவே இருக்கும் என்ற உறுதி போய்விட்டது. உண்மையில் கிடைப்பவை 2.547, 0.5, -0.047. முதல் இரண்டு பங்குகளில் ஒவ்வோர் அலகு வாங்கி, மூன்றாவதில் இரண்டு அலகு விற்றால் (ஒவ்வொன்றின் மாறுபாடும் 1 என்றால்) மொத்த மாறுபாடு 0.6 - 0.8 = -0.2. மாறுபாடு எதிர்மமாக இருக்கவே முடியாது! சோலெஸ்கி பிரிப்பு இங்கே பிழை காட்டி நிற்கும். அதைப் பயன்படுத்தாத நிரலோ எதுவும் சொல்லாமல் தவறான விடையைத் தரும். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, எவ்வளவு மாற்றலாம்? மாற்றம் 0.1-க்குள் இருந்தால், அதாவது 0.8 வரை, வைல் எல்லையே உத்தரவாதம். உண்மையான வரம்பு 0.62. இடைப்பட்ட பகுதியில் வைல் எதுவும் சொல்லாது. `np.linalg.eigvalsh` ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ம ஐகன் மதிப்பைப் பூஜ்யமாக்கி, மூலைவிட்டத்தை மறுபடி 1 ஆக்கிச் சரிசெய்வது வழக்கம். அப்படிச் செய்தால் நம் 0.5 ஏறக்குறைய 0.505 ஆகும். ஆனால் யாரும் மாற்றச் சொல்லாத மற்ற இரண்டு 0.9-களும் 0.867-க்கு இறங்கிவிடும். அறிக்கையில் அந்த எண்களையும் எழுதுங்கள்.